தாய்வீடு போன தாயைத் தொலைக்காமல் இருக்க: தொடர் ஆய்வுக்குப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

கர்ப்பிணிகளைச் சேர்த்து, குழந்தைக்கு இரண்டு வயது ஆகும்வரை தாயையும் பிள்ளையையும் பார்த்துவரும் ஓர் ஆய்வில் நீங்கள் வேலைக்குச் சேர்ந்திருப்பதாக வைத்துக்கொள்வோம். முதல் சுற்று கர்ப்பத்தின் ஆறாம் மாதத்தில். பிறகு குழந்தைக்கு ஆறு வாரத்தில் ஒன்று, ஆறு மாதத்தில் ஒன்று, ஒரு வயதில் ஒன்று, இரண்டு வயதில் ஒன்று. மொத்தம் ஐந்து சுற்று.

தமிழ்நாட்டில் இந்த மாதிரி ஆய்வுக்குச் சிக்கல் இரண்டாம் சுற்றிலேயே தொடங்கிவிடும். வளைகாப்பு முடிந்ததும் பெண் தாய்வீட்டுக்குப் போய்விடுவார். தலைப்பிரசவம் என்றால் கேட்கவே வேண்டாம். ஆறு வாரத்துக் குழந்தையை எடை பார்க்க நீங்கள் போய் நிற்பது மாமியார் வீட்டு வாசலில். பிள்ளை இருப்பதோ வேறு மாவட்டத்தில். உங்கள் தாளில் இருப்பது ஒரே ஒரு முகவரி, ஒரே ஒரு செல்போன் எண், அதுவும் கணவருடையது.

இப்படிச் சுற்றுக்குச் சுற்று ஆட்கள் குறைவதைக் களத்தில் அட்ரிஷன் என்றும் டிராப் அவுட் என்றும் சொல்வார்கள். அதைக் குறைக்கும் வேலையில் பாதிக்கு மேல் முதல் நாளிலேயே முடிந்துவிட வேண்டியது. அதனால் இந்தக் கட்டுரையும் அந்த இடத்தில்தான் அதிக நேரம் நிற்கும்.

முதலில் ஒரு சின்னக் கணக்கு

ஒவ்வொரு சுற்றிலும் 8 சதவீதம் பேர் விட்டுப்போகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். கேட்பதற்குச் சின்ன எண்ணிக்கைதான். 600 பேரில் தொடங்கினால் ஆறு வாரத்தில் 552, ஆறு மாதத்தில் 508, ஒரு வயதில் 467, இரண்டு வயதில் 430. கடைசியில் 28 சதவீதம் பேர் இல்லை. உங்கள் ஆய்வுக்குக் கடைசிச் சுற்றில் 430 பேர் தேவை என்றால் 600 பேரைச் சேர்த்தாக வேண்டும் என்று இதையே திருப்பியும் போடலாம். எல்லா ஆய்வுத் திட்டத்திலும் இந்தக் கணக்கு இருக்கும்.

ஆனால் கூடுதலாக ஆள் சேர்ப்பது எண்ணிக்கையை மட்டுமே காப்பாற்றும். போனவர்கள் யார் என்ற கேள்விக்கு அது பதில் சொல்லாது. குழந்தை பிறந்து ஒரு வருடத்தில் எத்தனை தாய்மார் வேலைக்குத் திரும்பினார்கள் என்று பார்க்கிறீர்கள். 600 பேரில் 540 பேர் கிடைத்தார்கள், அவர்களில் 162 பேர், அதாவது 30 சதவீதம் பேர், வேலைக்குப் போகிறார்கள். கிடைக்காத 60 பேர் திருப்பூருக்கோ செங்கல் சூளைக்கோ குடும்பத்தோடு போனவர்கள், அவர்களில் 42 பேர் வேலை செய்கிறார்கள் என்றால் உண்மையான விடை 204 பேர், 34 சதவீதம். வேலைக்குப் போனதால்தான் அவர்கள் உங்கள் கையில் சிக்கவில்லை. நீங்கள் அளக்க நினைத்ததே ஆளைக் கொண்டுபோய்விட்டது. 1,200 பேரைச் சேர்த்திருந்தாலும் இதே 30 தான் வந்திருக்கும்.

ஆகவே "எத்தனை பேர் போனார்கள்" என்பதோடு "யார், ஏன் போனார்கள்" என்பதையும் முதல் சுற்றிலிருந்தே எழுதிவைக்க வேண்டும்.

தொடர்புத் தாள்: முதல் சந்திப்பிலேயே

கேள்வித்தாள் வேறு, தொடர்புத் தாள் வேறு. இரண்டையும் தனித்தனியாக வைப்பதுதான் முறை. முன்னதில் ஆய்வு எண் மட்டும், பின்னதில் பெயரும் ஊரும். இந்த இரண்டாவது தாளைப் பேட்டியின் கடைசியில், எல்லோரும் களைத்துப்போன பிறகு, அவசரமாக நிரப்புவது வழக்கம். அதை மாற்றுங்கள். ஒப்புதல் வாங்கியதும் பெயர், ஊர், போன் எல்லாவற்றையும் நிதானமாகக் கேட்டுவிட்டு அப்புறம் பேட்டிக்குப் போங்கள்.

பெயரில் தொடங்குவோம். ஒரே தெருவில் மூன்று லட்சுமி இருப்பார்கள். ஆதாரில் உள்ள பெயர், வீட்டில் கூப்பிடும் பெயர், கணவர் பெயர், அப்பா பெயர் நான்கும் வேண்டும். கல்யாணத்துக்கு முன் அப்பா பெயரின் முதல் எழுத்து இனிஷியல், பிறகு கணவர் பெயரின் முதல் எழுத்து என்று மாறியிருக்கும். மருத்துவமனைச் சீட்டில் ஒன்று, ரேஷன் கார்டில் ஒன்று என இருப்பதும் சகஜம். தாய்வீட்டு ஊரில் போய்க் கணவர் பெயரைச் சொல்லி விசாரித்தால் யாருக்கும் தெரியாது. அங்கே அவர் இன்னாருடைய மகள்தான்.

அடுத்து, வீடு. கதவு எண்ணை நம்பிக் கிராமத்தில் ஒரு வீட்டையும் கண்டுபிடிக்க முடியாது. பழைய எண், புதிய எண் குழப்பம் வேறு. பஸ் எங்கே நிற்கும், அங்கிருந்து எந்தக் கோயில், எந்தக் கடை, எந்தத் தண்ணீர்த் தொட்டி என்று வழியை எழுதுங்கள். இப்போது கைபேசியிலேயே இடக்குறி எடுக்கலாம். அது இந்த வீட்டுக்கு உதவும், தாய்வீட்டுக்கு உதவாது. தாய்வீட்டுக்கு வாய்வழிதான். கேட்கும் விதம் இப்படி இருக்கலாம்: "பிரசவத்துக்கு எந்த ஊருக்குப் போவீங்கக்கா? அந்த ஊர்ல பஸ்ஸை விட்டு இறங்கி யார் பேரைச் சொன்னா உங்க அம்மா வீட்டைக் காட்டுவாங்க? எப்பப் போறீங்க, எத்தனை மாசம் இருப்பீங்க?" கடைசிக் கேள்வி முக்கியம். மூன்றாம் மாதம் திரும்புவார் என்றால் ஆறு வாரச் சுற்று தாய்வீட்டில், ஆறு மாதச் சுற்று மாமியார் வீட்டில் என்று அன்றைக்கே குறித்துக்கொள்ளலாம்.

செல்போன் எண்ணை எழுதி வாங்குவதோடு விடாதீர்கள். அங்கேயே ஒரு மிஸ்டு கால் கொடுங்கள். மணி அடித்தால்தான் அது சரியான எண். யாருடைய போன், எந்த நேரம் அது வீட்டில் இருக்கும் என்றும் எழுதுங்கள். எண்கள் நிலைப்பதும் இல்லை. 90 நாள் பயன்பாடே இல்லாத சிம்மை நிறுவனம் முடக்கிவிடலாம், பிறகு அதே எண் வேறு யாருக்கோ போய்விடும். ஒரு வருடம் கழித்து நீங்கள் அழைக்கும்போது முன்பின் தெரியாத ஒருவர் எடுப்பார். அதனால்தான் மற்றவர்களின் எண்களும் வேண்டும். குறைந்தது மூன்று பேர், மூன்றும் வேறு வேறு வீடு: தாய்வீட்டில் ஒருவர், அக்கா தங்கை அல்லது தோழி ஒருவர், ஊரை விட்டு எங்கும் போகாத ஒருவர். மளிகைக் கடைக்காரர், பால் சொசைட்டிக்காரர் போன்றவர்கள் இந்தக் கடைசி இடத்துக்கு நன்றாகப் பொருந்துவார்கள். ஒரே வீட்டில் மூன்று எண் வாங்கினால் அந்தக் குடும்பம் கிளம்பும்போது மூன்றும் சேர்ந்தே கிளம்பிவிடும்.

இவர்களைத் தொடர்புகொள்ள அந்தத் தாயின் சம்மதம் ஒப்புதல் படிவத்திலேயே எழுத்தில் இருக்க வேண்டும். அவர்களிடம் பேசும்போது ஆய்வு எதைப் பற்றியது என்று சொல்லக் கூடாது. "ஒரு ஆய்வுக்காக ஏற்கெனவே பேசியிருக்கோம், அவங்களைப் பார்க்கணும்" என்பதோடு நிறுத்துங்கள். குடும்பக் கட்டுப்பாடு, கருக்கலைப்பு, வீட்டில் அடி உதை போன்றவை ஆய்வில் இருந்தால் தவறாக விழும் ஒரு வார்த்தை அவருக்குப் பெரிய வினையாகிவிடும்.

இன்னொரு கயிறும் உண்டு. தமிழ்நாட்டில் கர்ப்பத்தைப் பதிவு செய்ததும் கிடைக்கும் பிக்மி எண் பிரசவத்திலும் பிறப்புச் சான்றிதழிலும் கூடவே வரும். சுகாதாரத் துறையின் அனுமதியும் நெறிமுறைக் குழுவின் ஒப்புதலும் கையில் இருந்தால், அந்த எண்ணைக் குறித்துக்கொண்டு கிராம சுகாதார செவிலியர் வழியாகக் குழந்தை எந்த ஊரில் தடுப்பூசி போட்டுக்கொள்கிறது என்று விசாரிக்கலாம். அனுமதி இல்லாமல் நர்ஸம்மாவிடம் நேரே போய்ப் பதிவேட்டைக் கேட்பது அவரையும் மாட்டிவிடும்.

சுற்றுகளுக்கு நடுவே

ஆறு மாதத்திலிருந்து ஒரு வயது வரையிலான இடைவெளியில் தொடர்பே இல்லாமல் விட்டால் பாதி எண்கள் பழசாகிவிடும். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரு சின்னப் போன் போதும். அதில் ஆய்வுக் கேள்வி எதுவும் கேட்காதீர்கள். பிள்ளை நலமா, வீடு அதேதானா, எங்கேயாவது போகப் போகிறீர்களா என்பதுதான் செய்தி. கேட்டதைத் தேதியோடு தொடர்புத் தாளில் ஏற்றுங்கள். பழைய எண்ணை அடிக்காதீர்கள், கீழே புதியதை எழுதுங்கள். செத்துப்போன எண் என்று நினைத்தது அண்ணன் கையில் உயிரோடு இருப்பது உண்டு.

தடுப்பூசி நாட்களும் கைகொடுக்கும். 6, 10, 14 வாரங்கள், பிறகு 9 மாதம், அப்புறம் ஒன்றரை வயதை ஒட்டி. இந்தத் தேதிகளை ஒட்டிப் பேசினால் அழைப்புக்கு ஓர் இயல்பான காரணம் கிடைக்கும், தாய்க்கும் நினைவூட்டலாக இருக்கும். உங்கள் ஆய்வு தடுப்பூசி போடும் பழக்கத்தையே அளப்பதாக இருந்தால் மட்டும் இதைச் செய்யாதீர்கள். நினைவூட்டியே அளவை மாற்றிவிடுவீர்கள்.

நேரில் போவது நல்ல பலன் தரும், ஆனால் செலவு அதிகம். வேலூர் சி.எம்.சி. நடத்திய ரோட்டா வைரஸ் ஆய்வில் பிறப்பிலேயே சேர்க்கப்பட்ட 452 குழந்தைகளில் 373 பேரை மூன்று வயது வரை பார்த்தார்கள். களப்பணியாளர்கள் வாரம் இருமுறை வீட்டுக்கே போனார்கள். அவ்வளவு அடிக்கடி போயும் ஆறில் ஒருவருக்கு மேல் விட்டுப்போனார்கள் என்பதைப் புதியவர்கள் மனதில் வைக்க வேண்டும். நகரத்துக் குடிசைப் பகுதியில் வாடகை வீடு நிலையில்லாதது.

வாசலில் நடப்பது

ஒருமுறை போய்ப் பூட்டியிருந்தால் "ஆள் இல்லை" என்று குறிக்கக் கூடாது. குறைந்தது நான்கைந்து முறை, ஒவ்வொரு முறையும் வேறு கிழமை, வேறு நேரம் என்று விதி வையுங்கள். பத்து மணிக்கு நூறு நாள் வேலைக்குப் போனவர் மறுநாள் பத்து மணிக்கும் அங்கேதான் இருப்பார். மாலை ஆறரைக்குப் போங்கள். சூளை வேலைக்குப் போனவர்கள் மழை தொடங்கும்போது ஊர் திரும்புவார்கள். பொங்கல், தீபாவளி, ஊர்க் கோயில் திருவிழா மூன்றுக்கும் வெளியூரில் இருப்பவர்கள் வந்துபோவார்கள். சுற்றின் கடைசி வாரத்தைத் திருவிழாவோடு பொருத்திவிட்டால் கையில் அகப்படாதவர்களில் சிலராவது அகப்படுவார்கள்.

ஒவ்வொரு முயற்சிக்கும் ஒரு வரி: தேதி, நேரம், யாரைப் பார்த்தீர்கள், என்ன சொன்னார்கள். சுற்றின் முடிவில் ஒவ்வொருவருக்கும் ஒரு நிலைக் குறி: பேட்டி முடிந்தது, இடம் தெரியும் ஆனால் தற்காலிகமாக ஊரில் இல்லை, இடம்பெயர்ந்தார், மறுத்தார், இறந்தார், இடமே தெரியவில்லை. குழந்தையின் நிலைக்கும் தாயின் நிலைக்கும் தனித்தனிக் குறி. பிள்ளை இறந்த வீட்டுக்கு எடைத் தராசோடு போய் நிற்கும் கொடுமை இந்தக் குறி சரியாக ஏறாததால்தான் நடக்கும்.

இந்தக் குறிகளைக் கண்காணிப்பாளர் வாராவாரம் பணியாளர் வாரியாகப் பார்க்க வேண்டும். எல்லோருக்கும் "இடம்பெயர்ந்தார்" நூற்றுக்கு ஐந்து வரும்போது ஒருவருக்கு மட்டும் இருபது வந்தால் அந்த ஊர் அப்படியா, அல்லது தூரமான வீடுகளை அவர் தவிர்க்கிறாரா என்று பார்க்க வேண்டும். இருபதில் ஐந்தாறு வீட்டுக்கு வேறொருவரை அனுப்பினால் தெரிந்துவிடும். முடிந்த பேட்டிக்கு மட்டும் காசு தரும் ஏற்பாட்டில் இது அதிகம். தேடித் திரிந்த நாளுக்கும் கூலி இருந்தால் தேடுவார்கள்.

மறுப்பு இரண்டு வகை. "இன்னைக்கு வேணாம்மா" என்பது ஒன்று. அதற்கு இன்னொரு நாள் போகலாம், வேறு ஆளை, முடிந்தால் வயதில் மூத்த பெண் பணியாளரை அனுப்பலாம். "இனிமே வராதீங்க" என்பது இன்னொன்று. அதோடு நிறுத்த வேண்டும், மறுமுறை கேட்க உங்களுக்கு உரிமை இல்லை. பல நேரம் மறுப்பவர் தாயாக இருக்க மாட்டார். ரத்தம் எடுக்கும் ஆய்வு என்றால் மாமியாருக்குச் சந்தேகம் வரும்: "எங்க கொண்டுபோறீங்க? பிள்ளைக்கு ரத்தம் கொறையாதா?" அவரிடம் படிவத்தை நீட்டுவதில் பயனில்லை. எத்தனை மில்லி, எதற்கு, முடிவு எப்போது வரும் என்று உட்கார்ந்து சொல்லுங்கள். வாக்களித்த தேதியில் ஹீமோகுளோபின் அளவை எழுதிக் கொண்டுவந்து கொடுங்கள். முதல் சுற்றின் முடிவு கைக்கு வராத வீடுதான் மூன்றாம் சுற்றில் கதவைச் சாத்தும்.

அன்பளிப்பில் ஒரு வார்த்தை. போன கூலிக்கும் பஸ் செலவுக்கும் ஈடாக இருக்கும் தொகை நியாயம். அதைவிடப் பெரிதானால் ஒப்புதல் ஒப்புதலாக இருக்காது. தொகையை நெறிமுறைக் குழு முன்கூட்டியே பார்த்திருக்க வேண்டும். எல்லோருக்கும் ஒரே அளவு. பக்கத்து வீட்டில் எவ்வளவு கொடுத்தீர்கள் என்பது அடுத்த நிமிடம் தெரிந்துவிடும்.

நியூசிலாந்தின் டுனெடின் ஆய்வைப் பார்த்துப் பலர் மலைப்பார்கள். 1972, 1973 இல் பிறந்த 1,037 பேர். 45 வயதில் உயிரோடிருந்த 997 பேரில் 938 பேர் வந்தார்கள், 94 சதவீதம். வெளிநாட்டில் குடியேறியவர்களுக்கும் விமான டிக்கெட் கொடுத்து டுனெடினுக்கே வரவழைத்தார்கள். அந்தப் பணம் நம்மிடம் இருக்காது. ஆனால் போக்குவரத்து அவர்கள் பாடு என்று விடாமல் ஆய்வே ஏற்றதை மட்டும் நம்மாலும் செய்ய முடியும்: திருப்பூரில் இருக்கும் தாயைத் தருமபுரிக்கு வரச் சொல்லாமல் நாம் திருப்பூருக்குப் போகலாம்.

மிச்சம் இருப்பவர்களைத் தேடும் கட்டம்

நான்கைந்து முறை போய்ப் பார்க்கும் விதியை எல்லாம் முடித்த பிறகும் கொஞ்சம் பேர் மிஞ்சுவார்கள். இவர்கள்தான் தூரம் போனவர்கள். பட்ஜெட் தீர்ந்திருக்கும், ஆட்கள் களைத்திருப்பார்கள். இங்கே பெரும்பாலானோர் செய்வது, மிச்சத்தில் சுலபமாகக் கிடைக்கக்கூடிய சிலரைப் பிடித்துச் சதவீதத்தை உயர்த்துவது. பக்கத்துத் தாலுகாவில் இருப்பவர் ஏற்கெனவே கிடைத்தவர்களைப் போலத்தான் இருப்பார். அவரைச் சேர்ப்பதால் சதவீதம் உயரும், விடை நேராகாது.

கென்யாவில் 2003 முதல் 2005 வரை நடந்த ஒரு சுற்று இதற்கு நல்ல வழி காட்டியது. பூசியா மாவட்டப் பள்ளிகளில் குடற்புழு மருந்து ஆய்வில் இருந்த பிள்ளைகளில் சுமார் 7,500 பேரை வளர்ந்த பிறகு தேடினார்கள். முதல் கட்டத்தில் எல்லோரையும் சாதாரணமாகத் தேடினார்கள். கிடைக்காதவர்களில் ஏறக்குறைய கால் பங்கைக் குலுக்கலில் எடுத்து, மிச்சமிருந்த பணத்தையும் ஆட்களையும் அவர்கள் மேல் மட்டும் கொட்டினார்கள்.

நம் 600 பேருக்கு இதைப் போட்டுப் பார்ப்போம். ஒரு வயதுச் சுற்றில் சாதாரணத் தேடலில் 480 பேர் கிடைத்தார்கள், 80 சதவீதம். மிச்சம் 120. அதில் மூன்றில் ஒரு பங்கு, 40 பேரைக் குலுக்கி எடுக்கிறோம். மற்ற 80 பேரை இந்தச் சுற்றில் அத்தோடு விட்டுவிடுகிறோம். இரண்டு நல்ல பணியாளர்கள், இரண்டு வாரம், அந்த 40 பேர் மட்டும். தாய்வீடு, தங்கை, கடைக்காரர், திருப்பூரில் கணவர் வேலை செய்யும் கம்பெனியின் வாட்ச்மேன் என்று நூல் பிடித்துப் போகிறார்கள். 28 பேர் கிடைக்கிறார்கள், 70 சதவீதம்.

```
0.80 + (1 - 0.80) × 0.70 = 0.94
```

நிகரத் தேடல் விகிதம் 94 சதவீதம். இன்னொரு வகையில் எண்ணினாலும் அதே விடைதான். அந்த 28 பேரில் ஒவ்வொருவரும் மூன்று பேருக்கு ஈடு, ஆக 84. 480 உடன் சேர்த்தால் 564. பகுப்பாய்வில் அவர்களுக்கு எடை 3, மற்றவர்களுக்கு 1. இந்த எடையை மறந்தால் செய்த வேலை முழுக்க வீண்.

இதில் ஒரு கட்டுப்பாடு உண்டு. குலுக்கலில் வராத 80 பேரில் ஒருவரை வழியில் பார்த்துவிட்டால் பணியாளருக்குக் கை துறுதுறுக்கும். அவரிடம் புதிய முகவரி மட்டும் வாங்குங்கள். இந்தச் சுற்றின் பேட்டி வேண்டாம். குலுக்கலை அலுவலகத்தில் கணினியில் எடுத்துப் பட்டியலை மட்டும் களத்துக்கு அனுப்புவது நல்லது. களத்தில் எடுத்த குலுக்கலில் அருகில் இருப்பவர்கள் அதிசயமாக அதிகம் விழுவார்கள்.

இடம்பெயர்ந்தவரைத் துரத்துவது வீண் செலவு என்று நிதி தருபவர் சொன்னால் இந்தோனேசியாவைக் காட்டுங்கள். 1993 இல் 7,224 குடும்பங்களோடு தொடங்கிய அந்த நாட்டின் குடும்ப வாழ்க்கை ஆய்வு, 1997 இல் 94 சதவீதக் குடும்பங்களைத் திரும்பப் பார்த்தது. ஊர் மாறியவர்களையும் தேடிப் போனதால்தான் அது முடிந்தது. ஊர் மாறியவர்கள் ஊரிலேயே இருந்தவர்களைப் போல இல்லை என்பதும் அப்படிப் போனதால்தான் தெரிந்தது.

இதற்குப் பிறகும் கிடைக்காதவர்கள்

இருப்பவர்களையும் இல்லாதவர்களையும் முதல் சுற்றின் தகவலில் ஒப்பிடுங்கள்: வயது, படிப்பு, நிலம் உண்டா, சொந்த வீடா வாடகையா, தலைப்பிரசவமா. அதனால்தான் முதல் சுற்றில் "அடுத்த ஒரு வருடத்தில் வெளியூர் போக வாய்ப்பு உண்டா" என்றும் கேட்டு வைப்பது நல்லது. இந்தத் தகவல்களை வைத்து ஒவ்வொருவருக்கும் கிடைக்கும் வாய்ப்பு எவ்வளவு என்று மதிப்பிட்டு, அதன் தலைகீழை எடையாகப் போடலாம். கிடைக்க 0.5 வாய்ப்புள்ள ஒருவர் கிடைத்திருந்தால் அவர் இரண்டு பேருக்கு நிற்பார். நீங்கள் கேட்டு வைத்த காரணங்களுக்கு மட்டும்தான் இது மருந்து. கணவரை விட்டுப் பிரிந்ததால் ஒருவர் காணாமல் போயிருந்தால், அது முதல் சுற்றின் எந்தக் கட்டத்திலும் இருக்காது.

இரு குழுக்களை ஒப்பிடும் ஆய்வென்றால், ஒரு குழுவில் 5 சதவீதமும் மற்றதில் 15 சதவீதமும் போயிருப்பது, இரண்டிலும் 15 போயிருப்பதைவிட மோசம். உதவி பெற்ற குழு ஆர்வமாக இருக்கும், பெறாத குழு சலித்துப்போகும். இரு குழுவையும் ஒரே பணியாளர்கள், ஒரே எண்ணிக்கை முயற்சியோடு தேட வேண்டும் என்பது இதற்காகத்தான்.

அறிக்கையில் ஒரே சதவீதத்தைப் போட்டு முடிக்காதீர்கள். சுற்று வாரியாக ஒரு அட்டவணை வையுங்கள். தகுதியானவர்கள் எத்தனை, இறந்தவர்கள் எத்தனை, பேட்டி எத்தனை, மறுப்பு, ஊரில் இல்லை, இடம் தெரியவில்லை, முந்தைய சுற்றில் விடுபட்டுத் திரும்பி வந்தவர்கள் எத்தனை. கடைசி வரிக்கு இடம் வேண்டுமானால், ஆறு வாரத்தில் கிடைக்காத தாயைப் பட்டியலிலிருந்து அடித்திருக்கக் கூடாது. தாய்வீட்டிலிருந்து அவர் ஐந்தாம் மாதம் திரும்பியிருப்பார், ஆறு மாதச் சுற்றில் அதே பழைய வாசலில் கிடைப்பார்.